பி.பார்ம் பொண்ணு, வெளிநாட்டு மாப்ள: நிச்சயத்துக்கு முன்னாடி கேக்க வேண்டியது

ஊருக்கு வந்திருந்தப்ப பெருந்துறைல ஒரு விசேஷம். பந்தில பக்கத்துல உக்காந்திருந்த பெரியம்மா, அவங்க சொந்தத்துல ஒரு புள்ளைக்கு வரன் முடியப் போற சந்தோஷத்துல இருந்தாங்க.

"புள்ள பி.பார்ம் முடிச்சிருக்குது அம்மணி. மாப்ள அமெரிக்கால. அங்க போயி மெடிக்கல்ல வேலை பாத்துக்கலாம்னு சொல்லிட்டாங்க. மருந்து எல்லா ஊர்லயும் ஒண்ணுதானுங்களே?"

"மருந்து ஒண்ணுதானுங் பெரியம்மா. சட்டம் ஒண்ணு இல்லீங்."

சாப்பாடு எறங்கல எனக்கு. அந்தப் பெரியம்மா மேல ஒரு கோவமும் இல்ல. "போயி பாத்துக்கலாம்"னு சொன்ன ஆளு மேலதான். அந்த ஒரு வார்த்தையை நம்பி பிளைட் ஏறின புள்ளைங்க எத்தனை பேர்த்தை நானே பாத்திருக்கேன்!

நானும் அப்படிப் போனவதான். கோயம்புத்தூர்ல பி.பார்ம், பட்டம் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடது. கல்யாணமாகி, வீட்டுக்காரரோட வேலையால டொரண்டோ பக்கம் போனேன். இன்னைக்கு ஒண்டாரியோல பதிவு பண்ணின பார்மசிஸ்ட். என் கூட ஒரே பெஞ்சுல படிச்ச தோழி, பவானிக்காரி, ஹெச்-4 விசால நியூ ஜெர்சி போனா. படிப்புல என்னைவிடக் கெட்டி. அவளால இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரைப் பட்டைய பார்மசிஸ்டா எடுத்துக் குடுக்க முடியாது.

ரெண்டு பேர் கையிலயும் ஒரே சர்டிபிகேட். எப்படி இப்படி ஆச்சுன்னு முழுசா எழுதிடறேன். (நீளமாத்தான் வரும். பொறுத்துக்கோங்க.)

முதல்ல அமெரிக்கா.

வெளிநாட்டுல பார்மசி படிச்சவங்க அங்க லைசென்ஸ் வாங்கணும்னா எஃப்.பி.ஜி.இ.இ.ன்னு ஒரு பரீட்சை எழுதணும். நடத்தறது மாநில பார்மசி போர்டுகளோட தேசியச் சங்கம். பரீட்சை கஷ்டமா இல்லையாங்கறது அப்புறம். அதை எழுத உட்கார விடறதுக்கே ஒரு விதி இருக்கு. 2003 ஜனவரி 1-ல இருந்து பட்டம் வாங்கினவங்களுக்கு, பார்மசில முதல் பட்டம் குறைஞ்சது அஞ்சு வருஷப் படிப்பா இருக்கணும்.

நம்ம பி.பார்ம் நாலு வருஷம்.

அவ்வளவுதான். கதவு அங்கயே சாத்தியாச்சு. மார்க்கு, ராங்கு, கோல்டு மெடல், அனுபவம் எதுவும் கணக்குல வராது. "எம்.பார்ம் ரெண்டு வருஷம் சேத்தா ஆறாச்சே?"ன்னு கேப்பீங்க. என் தோழியும் அதேதான் கேட்டா, அவ எம்.பார்ம் முடிச்சவ. முதல் பட்டத்தோட பாடத்திட்டம் எத்தனை வருஷம்னு மட்டும்தான் பாப்பாங்க. மேல படிச்ச வருஷத்தை அதோட கூட்டிக்க மாட்டாங்க.

இந்தியால 2008-ல பார்ம்.டி.ன்னு ஆறு வருஷப் படிப்பு ஆரம்பிச்சாங்க. அஞ்சு வருஷம் காலேஜ், ஒரு வருஷம் ஆஸ்பத்திரில இன்டர்ன்ஷிப். அது படிச்ச புள்ளைங்களுக்கு இந்த வருஷக் கணக்கு இடிக்காது. ஒரே காலேஜ், ஒரே கேண்டீன், பக்கத்துப் பக்கத்து கிளாஸ். பார்ம்.டி. புள்ளைக்கு அமெரிக்கப் பரீட்சைக்கு வழி இருக்கு, பி.பார்ம் புள்ளைக்கு இல்ல. அட்மிஷன் போடறப்ப இதை யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னாங்களா? எங்க காலத்துல சொல்லல.

இதுக்கும் மேல விசா.

ஹெச்-4-ங்கறது ஹெச்-1பி-ல வேலை பாக்கறவங்களோட மனைவிக்கோ கணவனுக்கோ குடுக்கறது. அதுல போனா படிக்கலாம், வேலை பாக்கக் கூடாது. 2015 மே 26-ல இருந்து ஒரு பிரிவினருக்கு மட்டும் வேலை அனுமதி அட்டை குடுக்கறாங்க. பெரும்பாலும் கணவரோட கிரீன் கார்டு வழியில ஐ-140-ங்கற மனு பாஸ் ஆகியிருந்தா கிடைக்கும். அந்த மனுவை எப்பப் போடறதுன்னு முடிவு பண்றது கணவரோட கம்பெனி. ஆக, ஒரு பொண்ணு வேலைக்குப் போறது அவ படிப்புலயும் இல்ல, அவ விருப்பத்துலயும் இல்ல. அவ மூஞ்சியே பாக்காத ஒரு கம்பெனியோட எச்.ஆர். கையில இருக்கு.

பார்மசிஸ்ட் லைசென்ஸ் வேண்டாத டெக்னீஷியன் வேலைக்காச்சும் போலாமேன்னா, அதுக்கும் அந்த அட்டை வேணும். "சம்பளம் வாங்காம ஒரு கடைல நின்னு கத்துக்கறேன்"னு என் தோழி கிளம்பினா. நல்லவேளை, ஒரு வக்கீலைக் கேட்டுட்டா. சாதாரணமா சம்பளம் குடுத்து ஆள் வைக்கற வேலையைச் சும்மா செஞ்சாலும் அதை அனுமதியில்லாத வேலைன்னு எடுத்துக்க வாய்ப்பு இருக்குன்னு அவர் சொல்லியிருக்கார். அங்க உக்காந்துட்டு நம்மூர்க் கம்பெனிக்கு ஆன்லைன்ல வேலை பாக்கறதும் அதே ஆபத்துதான். தயவு செஞ்சு வக்கீலைக் கேக்காம அதுல எறங்காதீங்க.

அவ என்ன பண்ணினான்னு கேக்கறீங்களா? அட்டைக்குக் காத்திருந்த காலத்துல மருந்துப் பாதுகாப்புப் பக்கம் படிச்சா. பார்மகோவிஜிலன்ஸ்னு சொல்வாங்க. ஒரு மருந்தைச் சாப்பிட்டு யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுன்னா அந்தத் தகவல் மருந்துக் கம்பெனிக்கு வரும். அதைப் படிச்சு, என்ன ஆச்சு, எந்த மருந்து, எவ்வளவு டோஸ், மருந்தாலதான் ஆச்சா வேற காரணமான்னு பிரிச்சு, மெட்ரா-ங்கற பொதுச் சொல் அடுக்குல சரியான பேர் போட்டு அரசாங்கத்துக்கு அனுப்பற வேலை. இதுக்கு லைசென்ஸ் வேண்டாம், நம்ம பார்மகாலஜி போதும். அட்டை வந்த உடனே வேலைக்குச் சேந்துட்டா, நல்லாத்தான் இருக்கா. ஆனா கவுன்டர்ல நின்னு ஒரு பேஷண்ட்கிட்ட பேசற வேலைதான் அவ ஆசைப்பட்டது. அது அவளுக்கு வாய்க்கல. இதைச் சொல்றப்ப எனக்கு இன்னும் மனசு ஆறல.

இப்ப கனடா. எந்த ஊரும் சொர்க்கம் இல்லீங்க. ஆனா கனடால நாலு வருஷ பி.பார்முக்குக் கதவு சாத்தல. ஏற வேண்டிய படி மட்டும் நிறைய.

வேலை அனுமதியை முதல்ல சொல்லிடறேன். பி.ஆர். வாங்கிட்டுப் போனா கவலையே இல்ல. கணவரோட வேலை விசால துணையாப் போறவங்களுக்கு ஓபன் வொர்க் பர்மிட் குடுப்பாங்க. ஆனா 2025 ஜனவரில இருந்து அதையும் இறுக்கிட்டாங்க. கணவர் பாக்கறது எந்த வகை வேலை, அவர் பர்மிட்ல இன்னும் எத்தனை மாசம் பாக்கி, ரெண்டையும் பாத்துத்தான் குடுக்கறாங்க. "கனடான்னா பொண்டாட்டிக்கு வேலை உண்டு"ன்னு பழைய நெனப்புல யாரும் பேசாதீங்க.

லைசென்ஸுக்கு வருவோம். பேரைப் பதிவு பண்ணி ஒரு தேசிய எண் வாங்கணும். அப்புறம் பி.இ.பி.சி.ங்கற தேர்வு வாரியம் நம்ம காகிதத்தைச் சரி பாக்கும். அது ஓகே ஆனா மதிப்பீட்டுப் பரீட்சை. அதுல தேறினா தகுதிப் பரீட்சை, ரெண்டு பாகம்: ஒண்ணு கம்ப்யூட்டர்ல, ஒண்ணு ஆள் முன்னாடி. அதுக்கப்புறம் மாகாணத்துல சட்டப் பரீட்சை, இங்கிலீஷ் சான்று, நேரடிப் பயிற்சி மதிப்பீடு. பரீட்சைல தோத்தா இத்தனை தடவைதான் எழுதலாம்னு வரம்பும் உண்டு. காசு நம்மூர்ப் பணத்துல சில லட்சம் ஆகும். காலம்? கைக்குழந்தை இல்லாம, காகிதம் எல்லாம் சரியா இருந்து, ஒழுங்காப் படிச்சாலே ரெண்டு வருஷத்துக்குக் குறையாதுன்னு வச்சுக்கோங்க.

நிறைய பேர் பரீட்சைலதான் மாட்டுவாங்கன்னு நெனப்பீங்க. இல்ல. காகிதத்துல மாட்டுவாங்க.

முதல் சிக்கல் நம்ம இனிஷியல்!

மார்க் ஷீட்ல என் பேருக்கு முன்னாடி ஒத்தை எழுத்து, எங்கப்பா பேரோட முதல் எழுத்து. பாஸ்போர்ட்ல அந்த எழுத்து விரிஞ்சு எங்கப்பா பேர் முழுசா சர்நேம் கட்டத்துல உக்காந்திருக்கு. கல்யாணத்துக்கு அப்புறம் புதுப்பிச்சப்ப அங்க வீட்டுக்காரர் பேர் வந்துருச்சு. நமக்கு மூணும் ஒரே ஆளுன்னு தெரியும். தேர்வு வாரியத்துல உக்காந்திருக்கறவங்களுக்கு அது மூணு வேற வேற பொண்ணு. அவங்க மேல தப்பில்ல, அவங்க பாக்கறது காகிதத்தைத்தானே. இதுக்கு மூணு பேரும் ஒருத்திதான்னு நோட்டரி முன்னாடி கையெழுத்துப் போட்ட உறுதிமொழிப் பத்திரம், கல்யாணப் பதிவுச் சான்றிதழ் எல்லாம் தயாரா வேணும். கோயம்புத்தூர் கோர்ட் பக்கம் ஒரு காலைல முடியற வேலை. டொரண்டோல இருந்துட்டு இதை வாங்கறது எவ்வளவு பெரிய அலைச்சல்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும்.

ரெண்டாவது, டிரான்ஸ்கிரிப்ட். நம்ம கையில இருக்கற மார்க் ஷீட் செல்லாது. எந்தப் பாடம், எத்தனை மணி நேரம், என்ன மார்க்குன்னு இருக்கற கட்டு பல்கலைக்கழகத்துல இருந்து நேரா வாரியத்துக்குப் போகணும். நடுவுல நாம பிரிச்சுப் பாத்தாலே செல்லாது. பல்கலைக்கழகம் இருக்கறது சென்னை கிண்டில. எங்கப்பா கோவைல இருந்து ராத்திரி ரயிலேறி, காலைல வரிசைல நின்னு, சாயங்காலம் திரும்பி வருவாரு. ஒவ்வொரு தடவையும் போன்ல, "நீ கவலப்படாத கண்ணு, ரெண்டு நாள்ல அனுப்பிருவாங்க"ம்பாரு. இந்த லைசென்ஸ்ல பாதி அவரோடது.

மூணாவது, தமிழ்நாடு பார்மசி கவுன்சில் பதிவு. நீங்க ஊர்ல பதிவு பண்ணின பார்மசிஸ்ட்தான், உங்க மேல புகார் ஒண்ணும் இல்லைன்னு கவுன்சில்ல இருந்து கடிதம் போகணும். கல்யாணமாகிப் போறவங்க "இனி நமக்கு எதுக்கு"ன்னு புதுப்பிக்காம விட்டுடுவாங்க. பதிவு காலாவதி ஆயிட்டா முதல்ல அதைச் சரி பண்ணி, அப்புறம் கடிதம் கேட்டுன்னு மாசக்கணக்குல இழுக்கும்.

காகிதம் ஒரு வழியா முடிஞ்சு புத்தகத்தைத் திறந்தேன். அப்பத்தான் ஏன் நம்ம பட்டத்தை அப்படியே ஏத்துக்க மாட்டேங்கறாங்கன்னு புரிஞ்சுது. (அதுவரைக்கும் நானும் இனவாதம், அது இதுன்னு திட்டிட்டுத்தான் இருந்தேன்.)

நாம படிச்சது மருந்தை எப்படிச் செய்யறதுன்னு. மாத்திரை அழுத்தறது, கரையற வேகம் பாக்கறது, ஹெச்.பி.எல்.சி.ல தூய்மை பாக்கறது, மூலிகைப் பொடியை மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாக்கறது. அதுல நம்ம புள்ளைங்க எந்த ஊருக்கும் எளைச்சவங்க இல்ல. அங்க கேக்கறது வேற: இந்த ஆளுக்கு, இந்த வயசுல, இந்தச் சிறுநீரகத்தோட, இந்த மருந்து சரியா? டோஸைக் குறைக்கணுமா? இதுக்குப் பதிலா எது? மதிப்பீட்டுப் பரீட்சையில பெரும் பங்கு இந்தப் பேஷண்ட் பக்கம்தான்.

அளவுகோலும் மாறுது. நம்மூர்ல ரத்தச் சர்க்கரை 180-ன்னு சொல்வோம். அங்க அதுவே 10. (நம்ம அளவை 18-ஆல வகுத்தா அவங்க அளவு.) சர்க்கரை 10-ன்னு ஒரு சீட்டைப் பாத்தா நம்ம மூளை பதறிப்போயி "உடனே குளுக்கோஸ் குடு"ங்கும். அங்க அது கூடுதல், கம்மி இல்ல! கிரியாட்டினின் நம்மூர்ல 1-ன்னா அங்க 88. பாராசிட்டமால் அங்க அசிட்டமினோஃபென். அட்ரினலின் அங்க எபிநெஃப்ரின். இதையெல்லாம் மனப்பாடம் பண்ணினாப் பத்தாது. யோசிக்கறதே அந்த எண்ணுல வரணும். நான் எங்கம்மா லேப் ரிப்போர்ட்டை வாட்ஸப்ல வாங்கி, மாத்தி மாத்திப் போட்டுப் பழகினேன்.

ஆள் முன்னாடி நடக்கற அந்த ரெண்டாம் பாகம்தான் நம்ம ஊர்க்காரங்களுக்கு நிஜமான சோதனை. ஒரு அறைக்குள்ள போவீங்க. பேஷண்டா நடிக்கறவங்க ஒருத்தர் இருப்பாங்க, மார்க் போடறவங்க ஒருத்தர். சில நிமிஷம்தான். மணி அடிச்சா அடுத்த அறை.

நாங்க நாலஞ்சு பேர் லைப்ரரில சேந்து ஒத்திகை பாப்போம். எகிப்துல இருந்து ஒருத்தர், பிலிப்பைன்ஸ் பொண்ணு, நைஜீரியாக்காரம்மா, நான். ஒருத்தர் பேஷண்ட், ஒருத்தர் பார்மசிஸ்ட், மத்தவங்க நேரம் பாக்கணும். ஒரு ஒத்திகை சொல்றேன். எழுபது வயசுப் பெரியவர் வந்து, "முழங்கால் வலி. ஐபூபுரோஃபென் எந்த அலமாரில இருக்கு?"ன்னு கேக்கறார்.

கோவை மருந்துக்கடைல நின்னு பழகின கை தானா எடுத்துக் குடுத்துரும். அங்க குடுத்தா அந்த அறை போச்சு.

முதல்ல பேர் சொல்லி அறிமுகம். வலி யாருக்கு? எவ்வளவு நாளா? அலர்ஜி உண்டா? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? இதைக் கேட்டாத்தான் அவர் வாயில இருந்து வரும், "இதயத்துக்கு வார்ஃபரின் போட்டிருக்காங்க." ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மருந்து அது. அதோட ஐபூபுரோஃபென் சேந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசிய வாய்ப்பு. அதை அவர் பயப்படாத மாதிரி, ஆனா புரியற மாதிரி சொல்லணும். அதுக்குப் பதிலா அசிட்டமினோஃபென், ஒரு நாளைக்கு எவ்வளவுக்கு மேல போகக் கூடாது, அதையே தினமும் தொடர்ந்து போட்டா வார்ஃபரின் ரத்தப் பரிசோதனையை ஏன் கவனிக்கணும், மலம் கறுப்பாப் போனா என்ன பண்ணணும். கடைசில, "நான் சொன்னதை ஒரு தடவை திருப்பிச் சொல்றீங்களா?"ன்னு கேக்கணும். இவ்வளவும் அந்தச் சில நிமிஷத்துக்குள்ள.

எனக்கு இதுல கை குடுத்தது ஒரு அசிஸ்டன்ட் வேலை. ஒண்டாரியோல பார்மசி டெக்னீஷியன் ஆகவே பதிவு வேணும், அசிஸ்டன்டுக்கு வேண்டாம். சம்பளம் கம்மி. கல்லால நிக்கறது, சீட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தறது, வயசானவங்களுக்கு வாரம் முழுக்கத் தேவையான மாத்திரையை வேளைவாரியா ப்ளிஸ்டர் பேக்ல அடுக்கறதுன்னு நாள் ஓடும். "பார்மசிஸ்ட்டுக்குப் படிச்சுட்டு மாத்திரை அடுக்கறியா"ன்னு ஊர்ல இருந்து போன்ல கேட்டவங்க உண்டு. அந்த வேலை இல்லைன்னா நான் தேறியிருக்க மாட்டேன். போன்ல டாக்டர் ஆபீஸ்காரங்க பேசற வேகம், இன்ஷூரன்ஸ் கழிவு, பிராண்ட் பேர், ஒரு பார்மசிஸ்ட் பேஷண்ட்கிட்ட என்ன தொனில பேசறாங்க, இதெல்லாம் எந்தப் புத்தகத்துலயும் இல்ல. புதுசா வர்ற புள்ளைங்களுக்கு நான் சொல்றது இதுதான்: பர்மிட் கையில இருந்தா பரீட்சை முடியட்டும்னு வீட்ல உக்காராதீங்க, முதல் மாசமே ஒரு பார்மசிக்குள்ள நுழைஞ்சுருங்க.

இங்கிலாந்து போறவங்களுக்கு ஒரு வார்த்தை. அங்க ஓ.எஸ்.பி.ஏ.பி.ன்னு ஒரு வருஷப் படிப்பு, அப்புறம் 52 வாரப் பயிற்சி, அதுக்கப்புறம் பதிவுத் தேர்வு. பி.பார்மோட அந்த வழில போலாம். ஆனா அந்த ஒரு வருஷம் வெளிநாட்டு மாணவர் கட்டணமா, உள்ளூர்க் கட்டணமாங்கறதைக் கேட்டுட்டுக் கிளம்புங்க. தொகை பெருசா மாறும்.

பந்தில அந்தப் பெரியம்மாகிட்ட இத்தனையும் சொல்ல முடியல. புள்ளையோட போன் நம்பர் வாங்கிட்டு வந்து மறுநாள் பேசினேன். அழுகையே வந்துருச்சு அதுக்கு. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லல நான். பையன் நல்ல பையன்தானாம். "லைசென்ஸ் கிடைக்காதுன்னு தெரிஞ்சே போறியா, தெரியாமப் போறியா, அது மட்டும் உன் கையில இருக்கு"ன்னு சொன்னேன்.

பொண்ணு வீட்டுக்காரங்களே, பவுன் எத்தனைன்னு பேசற அதே உக்காரல்ல இதையும் பேசுங்க. பையன் எந்த விசால இருக்கார்? ஐ-140 போட்டாச்சா, எப்பப் போடுவாங்க? பொண்ணுக்கு எந்த வகை விசா, அதுல வேலை பாக்கலாமா? லைசென்ஸ் வழி இருந்தா அந்த ரெண்டு வருஷம், அந்தச் சில லட்சம் யார் பொறுப்பு, நடுவுல குழந்தைன்னு நெருக்குவாங்களா? கேட்டாத் தப்பா நெனப்பாங்களோன்னு தயங்காதீங்க. நல்ல வீடுன்னா பதில் சொல்வாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி, புள்ளைங்களே, டிரான்ஸ்கிரிப்டுக்கு எழுதிப் போட்டுருங்க. பேர் ஒண்ணுதான்னு நோட்டரி பத்திரம் வாங்கிக்கோங்க. கல்யாணத்தைப் பதிவு பண்ணிடுங்க. ஊர்ல உங்களுக்காக ஆபீஸ் ஏறி எறங்க ஒரு ஆளுக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. பார்மசி கவுன்சில் பதிவை மட்டும் ஒரு வருஷம் கூட காலாவதி ஆக விட்டுடாதீங்க.